ஆயுளுக்கும் இலவசம்: ஒரு கடிதமும் அதன் மறுவரைவும்

எங்கள் தெருவில் குடியிருக்கும் தமிழாசிரியை ஒருவர் 2024 ஏப்ரல் 22 அன்று தன் கிரெடிட் கார்டு வங்கிக்கு ஒரு கடிதம் எழுதினார். கோடு போட்ட தாளில், நீல மையில், இரண்டரைப் பக்கம். ஒரு மாதம் கழித்து அதன் நகலோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். "சார், தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது ரூபாயைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. ஆனா ஏதோ தோத்த மாதிரியே இருக்கு. இந்த லெட்டர்ல என்ன தப்புன்னு கொஞ்சம் பாருங்க" என்றார். நான் வங்கியில் இருந்தபோது சில வருஷம் புகார்க் கடிதங்களைப் படிப்பதுதான் என் வேலை. படித்துப் பார்த்தேன். தோற்றுத்தான் போயிருந்தார். எங்கே தோற்றார் என்பது மட்டும் அவர் நினைத்த இடத்தில் இல்லை.

நடந்தது இது. 2021 டிசம்பரில் ஒரு மதிய இடைவேளையில் ஆசிரியர் அறைக்கு ஓர் இளைஞர் வந்தார். கழுத்தில் வங்கியின் பெயர் போட்ட அட்டை. உண்மையில் அவர் வங்கி ஊழியர் இல்லை, வங்கிக்குக் கார்டு பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சியின் ஆள். "மேடம், இது லைஃப் டைம் ஃப்ரீ கார்டு. ஒரு ரூபா சார்ஜ் கிடையாது" என்றார். அதையே வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பினார். கார்டு வந்தது. கூட வந்த தாளில் ஆண்டுக் கட்டணம் என்ற வரிக்கு நேரே 'இல்லை' என்றிருந்தது. 2023 மார்ச்சில் வங்கியிலிருந்து போன். கார்டை இலவசமாக அப்கிரேட் செய்கிறோம், லிமிட் கூடும், விமான நிலையத்தில் லவுஞ்சுக்குள் போகலாம் என்றார்கள். டீச்சர் விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனாலும் லிமிட் கூடுகிறதே என்று, வந்த ஓடிபியைப் போனிலேயே அழுத்திப் பதிவு செய்தார். வேறு நிறத்தில் புதுக் கார்டு வந்தது. 2024 ஏப்ரல் 18 தேதியிட்ட ஸ்டேட்மென்ட்டில் இரண்டு வரிகள்: ஆண்டுக் கட்டணம் 999.00, ஜிஎஸ்டி 179.82.

இப்படிப்பட்ட கேஸ் எது வந்தாலும் நான் முதலில் பார்ப்பது தொகையை அல்ல, அது வந்த மாதத்தை. கார்டு கைக்கு வந்து பதின்மூன்றாம் மாதத்தில் கட்டணம் வந்தால், 'முதல் வருஷம் இலவசம்' என்ற கார்டை 'ஆயுளுக்கும் இலவசம்' என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். இரண்டும் வங்கிக் கணினியில் வேறு வேறு குறிகள். விற்றவர் வாய் ஒன்றைச் சொல்லும், விண்ணப்பத்தில் ஏறிய குறி இன்னொன்றாக இருக்கும். நாலைந்து வருஷம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று வந்தால், ஒன்று வங்கி கட்டண விதியை மாற்றியிருக்கும், அல்லது நடுவில் கார்டே மாறியிருக்கும். டீச்சருக்குப் பழைய கார்டிலிருந்து எண்ணினால் இரண்டு வருஷம் நாலு மாதம். அப்கிரேட் ஆன கார்டிலிருந்து எண்ணினால் பதின்மூன்றாம் மாதம். காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. பழைய கார்டுக்கு இருந்த இலவசக் குறி புதுக் கார்டுக்குக் கூட வரவில்லை. வந்தது ஒரு வருஷச் சலுகை மட்டும்.

அவருடைய கடிதத்தில் அப்கிரேட் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

கடிதத்தின் முதல் பக்கம் முழுவதும் அந்த இளைஞர் தந்த வாக்குறுதிதான். அவர் எப்படிச் சிரித்தார், எத்தனை தடவை சொன்னார், பக்கத்தில் எந்தெந்த ஆசிரியர் இருந்தார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில், வாக்குத் தவறுவது எவ்வளவு இழிவு என்று ஒரு நீண்ட பத்தி. தமிழாசிரியை அல்லவா, நடை நன்றாகவே இருந்தது. வகுப்பில் படித்துக் காட்டலாம். ஆனால் இதை முதலில் பிரிப்பவர் ஒரு நாளைக்கு இத்தனை புகார் முடிக்க வேண்டும் என்ற கணக்கோடு உட்கார்ந்திருப்பவர். அவருக்கு வேண்டியவை கார்டின் கடைசி நாலு இலக்கம், கட்டணத் தேதி, தொகை, என்ன செய்ய வேண்டும் என்ற ஒரு வாக்கியம். இந்த நாலும் கடிதத்தில் இருந்தன, மூன்றாம் பக்கத்தின் அடியில். கடைசி வாக்கியம் இது:

"எனவே மேற்படி ஆண்டுக் கட்டணத்தைத் தயவுகூர்ந்து தள்ளுபடி செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

கேஸ் தோற்றது இந்த ஒரு வார்த்தையில்தான். தள்ளுபடி என்று கேட்டால், கட்டணம் முறையாக விழுந்தது, நான் கட்ட வேண்டியதுதான், மனமிரங்கி விட்டுக்கொடுங்கள் என்று பொருள். முதல் இரண்டு பக்கங்களில் 'இது நான் கட்ட வேண்டிய பணமே இல்லை' என்று வாதாடிவிட்டு, கேட்கும் இடத்துக்கு வந்ததும் அதைத் தானே கைவிட்டுவிட்டார். பணிவுக்காகச் சேர்த்த சொல்தான், ஆனால் வங்கி அதைச் சட்டச் சொல்லாகப் படித்தது. பதிலில் வந்த வரி: "நல்லெண்ண அடிப்படையில், இந்த ஒரு முறை மட்டும், ரூ. 999 கட்டணம் தள்ளுபடி செய்யப்படுகிறது." நல்லெண்ணம் என்பதால் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு முறை மட்டும் என்பதால் 2025 ஏப்ரலில் மறுபடி வரும். கட்டணம் மட்டும் என்பதால் 179.82 ரூபாய் ஜிஎஸ்டி அப்படியே நிற்கும். கட்டணத்தைத் திருப்பினாலும் ஜிஎஸ்டியைத் திருப்ப மாட்டோம் என்று தங்கள் விதிகளிலேயே எழுதிவைத்திருக்கும் வங்கிகள் உண்டு. தனியாகக் கேட்காதவருக்கு அது தானாக வராது.

தள்ளுபடி என்ற சொல் அடுத்த படியிலும் காலை வாரும். வங்கி மறுத்துவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரில் தொடங்கிய ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தில் அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம், cms.rbi.org.in தளத்தில் நாமே பதியலாம். ஆனால் ஒரு வங்கியின் வணிக முடிவை எதிர்த்து வரும் புகார்களை அந்தத் திட்டம் எடுத்துக்கொள்ளாது. கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதா வேண்டாமா என்பது அசல் வணிக முடிவு. 'எனக்குச் சொல்லாமல், என் சம்மதம் இல்லாமல் கட்டணம் போட்டார்கள்' என்பது சேவைக் குறைபாடு. பணம் ஒன்றுதான், தொகையும் ஒன்றுதான். முதல் விதமாகக் கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும், இரண்டாவது விதமாகக் கேட்டால் திறக்கும்.

டீச்சரைக் குறை சொல்லும்போது வங்கியின் பக்கத்தையும் அதன் முழு பலத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். என்னுடைய பழைய நாற்காலியில் உட்கார்ந்து இந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பேன்? வாக்குறுதியை மறுத்திருக்க மாட்டேன். "ஆமாம், 2021-இல் தந்த கார்டு ஆயுளுக்கும் இலவசம்தான். அந்தக் கார்டின் ஆயுள் 2023 மார்ச்சில் முடிந்தது. ஓடிபி கொடுத்து வேறு கார்டுக்கு மாறியது நீங்கள். அதற்கு வேறு கட்டணப் பட்டியல், அது எங்கள் தளத்தில் இருக்கிறது" என்று எழுதியிருப்பேன். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு, இரு தரப்பும் சம்மதித்துப் பழைய ஒப்பந்தத்தின் இடத்தில் புதியதை வைத்தால் பழையதை நிறைவேற்றத் தேவையில்லை என்கிறது. இந்த வாதம் லேசானதில்லை. ஆயுள் என்றால் யாருடைய ஆயுள்? வாடிக்கையாளருடையதா, அந்தக் கார்டினுடையதா? விற்கும்போது யாரும் இதைக் கேட்பதில்லை. சண்டை வந்த பிறகுதான் கேள்வியே பிறக்கிறது.

இதனால்தான் அந்த வாட்ஸ்அப் செய்தியை டீச்சர் நம்பிய அளவு நான் நம்பவில்லை. ஏஜென்சிக்காரர் சொன்னது வங்கியைக் கட்டுப்படுத்தாது என்ற பதில் செல்லாது, அது உண்மை. அதே சட்டத்தின் 237-ஆம் பிரிவின்படி, ஒரு முகவர் தனக்குத் தந்த அதிகாரத்தை மீறி நடந்திருந்தாலும், அவருக்கு அந்த அதிகாரம் இருக்கிறது என்று வெளியார் நம்பும்படி முதலாளி தன் சொல்லாலோ செயலாலோ செய்திருந்தால், முதலாளி அதற்குக் கட்டுப்பட்டவர். கழுத்தில் வங்கி அட்டையும் கையில் வங்கி விண்ணப்பமும் கொடுத்து அனுப்பிய பிறகு 'அவர் எங்கள் ஆள் இல்லை' என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த வாதம் எல்லாம் முதல் கார்டைக் காப்பாற்றத்தான் உதவும். அந்தக் கார்டோ உயிரோடு இல்லை. டீச்சர் இரண்டரைப் பக்கம் காவல் காத்தது காலி வீட்டை.

அப்படியானால் அவர் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. அவர் பார்க்காத இடத்தில் இருக்கிறது. கிரெடிட் கார்டு வழங்குவது குறித்து ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட நெறிமுறைகள் அந்த வருஷம் ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தன. அப்கிரேட் நடந்த 2023 மார்ச்சில் அவைதான் விதி. கார்டு வழங்கும்போது வாடிக்கையாளருக்கு வெளிப்படையாகத் தெரிவிக்காத, அவர் வெளிப்படையாகச் சம்மதிக்காத எந்தக் கட்டணத்தையும் விதிக்கக்கூடாது என்று அவை சொல்கின்றன. இலவசமாகக் கார்டு தரும்போது மறைமுகக் கட்டணம் இருக்கக்கூடாது என்றும் சொல்கின்றன. விண்ணப்பத்தோடு வட்டி, கட்டணம் எல்லாம் அடங்கிய ஒரு பக்க விவரத் தாளும் தர வேண்டும். வங்கி 'புதுக் கார்டு, புது ஒப்பந்தம்' என்று சொன்னால் சரி, அந்தப் புது ஒப்பந்தத்துக்குப் புதுச் சம்மதம் எங்கே? லிமிட் கூட்டுவதற்குத் தந்த ஓடிபி, வருஷம் 999 ரூபாய்க்கும் தந்த சம்மதமாகிவிடுமா? போனில் கட்டணத்தைச் சொன்னார்களா? சொன்னார்கள் என்றால் ஒலிப்பதிவு வங்கியிடம்தான் இருக்கும். தளத்தில் பட்டியலைப் போட்டுவைப்பது பொதுவான அறிவிப்பு. இந்த வாடிக்கையாளருக்கு, கார்டு தரும் வேளையில் சொன்னதற்கு அது ஈடாகாது.

கேள்வியை இப்படித் திருப்பினால், நிரூபிக்கும் பாரம் டீச்சரின் தோளிலிருந்து வங்கியின் தோளுக்கு மாறுகிறது. 2021-இல் சொன்ன சொல்லை அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. 2023-இல் என்ன சொன்னார்கள் என்பதை வங்கி காட்ட வேண்டும். அதற்குக் காலக்கெடுவும் உண்டு. ஒரு பில்லை வாடிக்கையாளர் ஏற்க மறுத்தால், புகார் வந்த 30 நாளுக்குள் விளக்கமும், தேவையான இடத்தில் ஆவணச் சான்றும் தர வேண்டும் என்று அதே நெறிமுறைகள் சொல்கின்றன. முதல் கடிதம் எந்தச் சான்றையும் கேட்கவில்லை. கேட்காததை யாரும் தருவதில்லை.

கடிதத்துக்கு வெளியே ஒரு தவறும் நடந்திருந்தது. பணத்தில் அதுதான் சுட்டது. ஏப்ரல் ஸ்டேட்மென்ட்டில் டீச்சர் வாங்கிய பொருள்களின் கணக்கு 8,240 ரூபாய். கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்த்து மொத்தம் 9,418.82. கெடு மே 8. அவர் மே 6-ஆம் தேதி 8,240 ரூபாயைக் கட்டினார். "நான் வாங்கினதுக்குக் கட்டிட்டேன். அவங்க தப்பாப் போட்டதுக்கு நான் ஏன் கட்டணும்?" நியாயமான கேள்விதான். ஆனால் கார்டுக் கணக்கு அந்த நியாயத்தில் ஓடுவதில்லை. ஸ்டேட்மென்ட்டின் மொத்தத் தொகையில் கொஞ்சம் குறைத்துக் கட்டினாலும் வட்டியில்லாக் காலம் முழுவதும் போய்விடும். வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும், வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். அவருடைய கார்டுக்கு மாதம் 3.5 சதவீதம். சராசரியாக 30 நாள் என்று வைத்தால் 8,240 ரூபாய்க்கு வட்டி ஏறத்தாழ 284, அதற்கு ஜிஎஸ்டி 51, ஆக 336 ரூபாய்க்குக் கிட்டத்தட்ட. மே ஸ்டேட்மென்ட்டில் அதுதான் வந்திருந்தது. ஒரு கையால் 999-ஐக் கொடுத்த வங்கி, மறு கையால் 179.82-ஐயும் இந்த 336-ஐயும் எடுத்துக்கொண்டது. திருப்பிக் கொடுத்ததில் பாதிக்கு மேல். "தோத்த மாதிரி இருக்கு" என்று அவருக்குத் தோன்றியது இதனால்தான்.

குறைந்தபட்சத் தொகையைத் தாண்டிக் கட்டிவிட்டதால் தாமதக் கட்டணம் விழவில்லை, அது நல்ல காலம். தகராறில் இருக்கும் பாக்கியைக் கடன் தகவல் நிறுவனத்துக்குத் தெரிவிப்பதானால் தகராறு தீர்ந்த பிறகே தெரிவிக்க வேண்டும் என்று நெறிமுறையில் இருக்கிறது. ஆனால் கணக்கை மாதா மாதம் தூக்கி அனுப்பும் கணினி, புகார்க் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்புவதில்லை. கார்டைத் தொடர்ந்து பயன்படுத்துகிறவர் கெடுவுக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டு, 'எதிர்ப்போடு கட்டுகிறேன், இது கட்டணத்தை ஏற்றுக்கொண்டதாகாது' என்று எழுதுவதே மேல் என்பது என் கருத்து. பெட்டியில் பூட்டிவைத்த கார்டு, வேறு கணக்கே இல்லை, கட்டணம் மட்டும்தான் நிற்கிறது என்றால் கதை வேறு. அப்போது நிறுத்திவைப்பதில் வட்டி அபாயம் குறைவு, தாமதக் கட்டண அபாயமும் கடன் மதிப்பெண் அபாயமும் மிஞ்சும்.

மே 24 அன்று இரண்டாவது கடிதத்தை எழுதினோம். எழுதியவர் அவர்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டினேன். அரைப் பக்கம் வந்தது.

"பொருள்: கார்டு எண் (கடைசி நான்கு இலக்கம் மட்டும்) கணக்கில் 18.04.2024 அன்று விதித்த ஆண்டுக் கட்டணத்தை ஏற்க மறுத்துப் புகார்.

2021 டிசம்பரில் ஆண்டுக் கட்டணம் இல்லை என்ற எழுத்து உறுதியோடு எனக்குக் கார்டு தரப்பட்டது. அந்தத் தாளின் நகல் இணைப்பு 1. 2023 மார்ச்சில் உங்கள் தொலைபேசி அழைப்பின் பேரில் அது வேறு கார்டாக மாற்றப்பட்டது. அந்த அழைப்பில் மாற்றம் இலவசம் என்றே சொல்லப்பட்டது. ஆண்டுக் கட்டணம் உண்டு என்று எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. நான் அதற்குச் சம்மதிக்கவுமில்லை. எனவே ரூ. 999 கட்டணமும் ரூ. 179.82 ஜிஎஸ்டியும் தவறாக விதிக்கப்பட்டவை. இவை இல்லாவிட்டால் என் ஸ்டேட்மென்ட்டின் மொத்தம் ரூ. 8,240. அதை 06.05.2024 அன்று முழுமையாகக் கட்டியிருக்கிறேன். ஆகவே அதன் பிறகு ஏறிய வட்டியும் வட்டி மேல் ஜிஎஸ்டியும் தவறானவை.

வேண்டுவது: ஜிஎஸ்டியையும் வட்டியையும் திருப்பி வரவு வைக்க வேண்டும். ரூ. 999 திரும்பியது நல்லெண்ணச் சலுகை அல்ல, தவறான பில்லின் திருத்தம் என்று பதிவு செய்ய வேண்டும். இந்தக் கார்டுக்கு இனி ஆண்டுக் கட்டணம் இல்லை என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். மறுப்பதானால், 2023 மார்ச் அழைப்பின் ஒலிப்பதிவையும், அப்போது எனக்கு அனுப்பிய கட்டண விவரத் தாளையும், அது அனுப்பப்பட்டதற்கான சான்றையும் 30 நாளுக்குள் தர வேண்டும்."

இதில் எனக்குப் பிடித்த இடம் வட்டி பற்றிய வாக்கியம். முதல் கடிதத்துக்குப் பின் அவர் செய்த தவறையே அது அவருடைய வாதமாக மாற்றிவிட்டது. கட்டணம் தவறு என்று ஆகிவிட்டால், சரியான மொத்தம் 8,240-தான். அதைக் கெடுவுக்குள் கட்டியவர் எதையும் குறைத்துக் கட்டவில்லை. ஒன்று விழுந்தால் மற்றதும் தானாக விழும். இந்த வாக்கியத்தை அமைத்தது டீச்சர்தான். இலக்கணம் நடத்துகிறவருக்கு நிபந்தனை வாக்கியம் கைவந்த கலை.

வாட்ஸ்அப் செய்தியை நான் இணைப்பில் சேர்க்கச் சொல்லவில்லை. அவருக்கு அது வருத்தம். கார்டோடு வந்த தாளே கட்டணம் இல்லை என்று சொல்லும்போது, ஏஜென்சிக்காரரின் செய்தியை வைத்தால் வங்கி அதைப் பிடித்துக்கொண்டு 'எங்கள் ஊழியர் இல்லை' என்று பேச்சைத் திருப்பும். பலமான சான்றுக்குப் பக்கத்தில் பலவீனமானதை வைத்தால், பதில் எழுதுகிறவர் பலவீனமானதற்கு மட்டும் பதில் எழுதுவார். நானே அப்படி எழுதியிருக்கிறேன்.

நான் வெட்டியும் அவர் மறுபடி சேர்த்த ஒரு வரியை மேலே விட்டுவிட்டேன். கடிதத்தின் கடைசி வரி அது. கேட்காத கார்டைத் தருவதையும், கேட்காமல் அப்கிரேட் செய்வதையும் நெறிமுறைகள் தடை செய்கின்றன. வெளிப்படையான சம்மதம் இல்லாமல் அப்கிரேட் செய்து, கார்டை இயக்கத்துக்கும் கொண்டுவந்து, பில்லும் போட்டால், கட்டணத்தைத் திருப்புவதோடு அதைப்போல் இரு மடங்கு அபராதமும் தர வேண்டும். எங்கோ இதைப் படித்திருந்த டீச்சர், 1,178.82-க்கு இரு மடங்கு 2,357.64 ரூபாய் வேண்டும் என்று எழுதினார். விதி உண்மைதான், இந்தக் கேஸுக்குப் பொருந்துமா என்பதுதான் கேள்வி. அப்கிரேட் வேண்டுமா என்று கேட்டார்கள், அவர் ஓடிபி தந்தார். மாற்றத்துக்குச் சம்மதம் இருக்கிறது, கட்டணத்துக்குத்தான் இல்லை. 'கட்டணத்தைச் சொல்லாமல் வாங்கிய சம்மதம் சம்மதமே ஆகாது' என்று வாதாட இடமுண்டு. ஆனாலும் அது ஒரு படி தள்ளி நிற்கும் வாதம். கைக்குள் இருக்கும் கோரிக்கைகளோடு கைக்கு எட்டாத ஒன்றையும் சேர்த்தால், படிப்பவர் எல்லாவற்றையும் ஒரே சந்தேகத்தோடு பார்ப்பார். "கேக்குறதுல என்ன சார் நஷ்டம்?" என்றார். நஷ்டம் உண்டு என்பது என் கட்சி. அவர் எடுக்கவில்லை. கடிதம் அவருடையது.

பதில் ஜூன் 17-இல் வந்தது. 24-ஆம் நாள். ஜிஎஸ்டியும் வட்டியும் வட்டியின் ஜிஎஸ்டியும் வரவு வைக்கப்பட்டிருந்தன. இந்தக் கார்டுக்கு இனி ஆண்டுக் கட்டணம் இல்லை என்று ஒரு வாக்கியம். 'நல்லெண்ணம்' என்ற சொல் இந்த முறை இல்லை, தவறு என்ற ஒப்புதலும் இல்லை. அபராதம் பற்றி மூச்சே இல்லை. ஒலிப்பதிவு வரவில்லை. வங்கியின் பதிலில் எனக்கு முக்கியமாகப் பட்டது இந்தக் கடைசி விஷயம். கட்டணம் தெளிவாகச் சொல்லப்பட்ட பதிவு கையில் இருந்திருந்தால், அதை எடுத்து வைப்பதைவிட எளிதான பதில் வங்கிக்கு வேறில்லை.

அபராதத்துக்காகக் குறைதீர்ப்பாளரிடம் போகலாமா என்று கேட்டார். போகலாம், வங்கிக்கு எழுதிவிட்டார், பதிலும் வந்துவிட்டது, தடையேதும் இல்லை. ஆனால் ஓடிபி தந்தது பதிவில் இருக்கும்போது 2,357 ரூபாய் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் யோசித்துவிட்டு விட்டுவிட்டார். ஓடிபியே இல்லாமல் கார்டு மாறி வந்திருந்தால், போ என்று நானே சொல்லியிருப்பேன்.

ஆயுளுக்கும் இலவசம் என்ற சொல்லுக்கு என்னதான் மதிப்பு என்ற கேள்வி மிஞ்சுகிறது. டீச்சரின் கேஸ் அதைத் தொடாமலே ஜெயித்தது. கட்டணத்தை மாற்றுவதானால் ஒரு மாதம் முன்கூட்டி அறிவித்து, வரும் காலத்துக்கு மட்டும் மாற்றலாம் என்று நெறிமுறைகள் இடம் தருகின்றன. அந்த மாற்றம் பிடிக்காதவர் பாக்கியைக் கட்டிவிட்டுக் கூடுதல் கட்டணம் ஏதுமின்றிக் கார்டை ஒப்படைக்கலாம். மூடச் சொல்லிக் கேட்டால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், பாக்கி இல்லாதபோதும் தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். ஆகவே நாளைக்கு இதே வங்கி ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து 'இனி 999' என்றால்? எந்த வாக்கைச் சொல்லி விற்றார்களோ அதையே ஒரு பொது விதியைக் காட்டி அழிப்பது முறையற்ற வணிக நடவடிக்கை என்று நுகர்வோர் ஆணையத்தில் வாதாடலாம், நான் அந்த வாதத்தின் பக்கம்தான். ஆனால் ஜெயிக்கும் என்று எழுதிக் கொடுக்க மாட்டேன். சொல்லாமல் போட்ட கட்டணத்தை எதிர்த்து எழுதினால் கால் ஊன்ற உறுதியான தரை இருக்கிறது. சொல்லிவிட்டுப் போட்ட கட்டணத்தை 'ஆயுள்' என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு எதிர்ப்பவருக்கு அந்தத் தரை கிடையாது. டீச்சரின் முதல் கடிதம் உறுதியான தரையில் நின்றுகொண்டே அது தெரியாமல் மற்றதைப் பற்றிப் பேசியது. இரண்டாவது கடிதம் குனிந்து காலடியைப் பார்த்தது. அபராத வரி ஒன்றைத் தவிர அதில் நான் மாற்ற விரும்பும் எழுத்து இல்லை.

2025 ஏப்ரல் 18 ஸ்டேட்மென்ட்டை என் போனுக்கு அனுப்பியிருந்தார். பால், மருந்துக் கடை, ஒரு புத்தகக் கடை, பெட்ரோல். கட்டண வரி இல்லை. சில கணக்குகளில் அது ஒரு மாதம் தள்ளி வரும் என்பதால் மே ஸ்டேட்மென்ட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதிலும் இல்லை.